காட்பாடி வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார்: தூசிக்கும் பறவை எச்சத்துக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

காட்பாடி மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறு, எட்டடி உயர இரும்புச் சட்டத்தின் மேல் தெற்கு நோக்கிப் பொருத்தப்பட்டுள்ளன. ஆறும் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டு ஒரு இன்வெர்ட்டருக்குச் செல்கின்றன. ஜனவரி முதல் வாரத்தில் நல்ல மழை பெய்தபின் நாளொன்றுக்குச் சுமார் 13 யூனிட் கிடைத்து வந்தது. அதன் பின் மழையே இல்லை. போகியன்று தெருவெல்லாம் புகை மூடியது, சாலையில் ஜல்லி ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகின்றன. மாடித் தொட்டியருகே தங்கும் புறாக்களும் மைனாக்களும் பேனலின் மேல் விளிம்பில் உட்கார்ந்து எச்சமிடுகின்றன. இப்போது வெயில் நன்றாக இருக்கும் நாளிலும் 12 யூனிட்டைத் தாண்டுவது அரிதாகிவிட்டது.

பொருத்தித் தந்த நிறுவனத்தின் ஆள் மாதம் ஒருமுறை கழுவியே ஆக வேண்டும் என்கிறார், ஒரு முறைக்கு 500 ரூபாய் கேட்கிறார். அந்தப் பணத்துக்கு உண்மையிலேயே அவ்வளவு மின்சாரம் திரும்பக் கிடைக்குமா? நாங்களே கழுவுவதென்றால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? எங்கள் போர் தண்ணீர் மிகவும் உப்பு, வாளியில் ஒரு நாள் வைத்தாலே வெள்ளைப் படிவு நிற்கும். அதையும் கணக்கில் கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

மாதம் ஒருமுறை போதவே போதாது, வாரம் ஒருமுறை கழுவுங்கள். 2017-இல் ஐ.ஐ.டி. காந்திநகரில் பேனல்களைச் சில வாரங்கள் கழுவாமல் வைத்துப் பிறகு சுத்தம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் உற்பத்தி ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்ததாகச் செய்தி வந்தது. நம் ஊரிலும் மழை குறைவு, தூசி அதிகம், ஆகவே உங்களுக்கும் பாதிக்குப் பாதி நஷ்டமாகிக்கொண்டிருக்கலாம். கார் கழுவும் பிரஷர் பம்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, மதியம் நல்ல வெயிலில் அடித்து விட்டால் உடனே காய்ந்துவிடும். எங்கள் கிடங்கின் கூரையில் அப்படித்தான் செய்கிறோம். பேனல் மழையிலேயே நனையும் பொருள்தானே, தண்ணீரைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

---

கூரைமின் பராமரிப்பு எழுதியது:

பாலாற்றங்கரை அவர்கள் சொன்ன ஆய்வு உண்மையானதுதான். ஆனால் அது குஜராத்தின் வறண்ட மண்ணில், பாலைத்தூசி சேர்ந்து வரும் காற்றில் கண்ட அளவு. காட்பாடியில் பாதி போயிருந்தால் இவர்களுடைய 13 யூனிட் 6 யூனிட்டாக ஆகியிருக்க வேண்டும். 13-லிருந்து 12 என்பது சுமார் 8 சதவீதம். அந்த 8 சதவீதத்திலும் எல்லாமே தூசியால் வந்தது என்று நான் நினைக்கவில்லை.

கழுவுவதைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூசியும் எச்சமும் இரண்டு வேறு வகைக் கோளாறுகள். தூசி கண்ணாடி முழுவதும் மெல்லிய திரைபோல் ஒரே சீராகப் படிகிறது. உள்ளே நுழையும் ஒளி குறைகிறது, அதற்கேற்ப ஆம்பியர் குறைகிறது, வோல்ட் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அது நாள்தோறும் மெல்ல வளரும் நஷ்டம். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது.

எச்சம் அப்படியில்லை. உங்கள் பேனலில் உள்ள ஒரு செல் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குக் கெட்டியான எச்சம் விழுந்தால் அந்த ஒரு செல் மற்றவற்றோடு சேர்ந்து முழு மின்னோட்டத்தைக் கடத்த முடியாமல் தடையாகிறது. அப்போது பேனலின் பின்புறப் பெட்டியில் உள்ள பைபாஸ் டயோடு வேலை செய்யத் தொடங்கி, அந்தச் செல் இருக்கும் மூன்றில் ஒரு பாகத்தையே ஓரங்கட்டிவிடும். ஆறு பேனல் வரிசையில் இது மொத்த உற்பத்தியில் ஐந்தரை சதவீதம். நாணய அளவுள்ள சிறு புள்ளிகளுக்கு இவ்வளவு விளைவு இல்லை. பெரிய எச்சத்தைப் பல வாரங்கள் விட்டுவைத்தால் மறைபட்ட செல் சூடேறிச் சூடேறி அந்த இடம் பழுப்பாகும். பிறகு கழுவினாலும் அது திரும்பி வராது.

இரண்டையும் தரையிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மேகமில்லாத நாளில் சரியாக நண்பகல் 12.15 மணிக்கு இன்வெர்ட்டர் திரையில் டி.சி. வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் குறைந்திருந்தால் தூசி. வோல்ட் பன்னிரண்டு, பதின்மூன்று அளவுக்குக் குறைந்திருந்தால் எங்கோ ஒரு டயோடு வேலை செய்கிறது, அதாவது எச்சமோ நிழலோ விழுந்திருக்கிறது. முதலில் எச்சத்தை மட்டும் நீக்கி மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். அதற்கடுத்து முழுவதும் கழுவி மீண்டும் பாருங்கள். எது எவ்வளவு தின்றது என்பது அப்போது உங்கள் வீட்டு எண்ணாகவே கிடைக்கும்.

பிரஷர் பம்பும் சோப்புத்தூளும் மதிய வெயிலும் மூன்றும் வேண்டாம். பம்பின் வேகம் சட்டத்தின் ஓர ரப்பரைத் தாண்டி நீரை உள்ளே செலுத்தும். சோப்பின் மிச்சம் கண்ணாடியில் பிசுபிசுப்பாக நின்று அடுத்த தூசியை இன்னும் வேகமாகப் பிடிக்கும். அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைத் திடீரென்று ஊற்றினால் விரிசல் விடும் ஆபத்து உண்டு. உப்புத் தண்ணீரானால் துடைப்பதற்குள் காய்ந்து வெள்ளைத் திட்டும் போட்டுவிடும்.

---

குடியாத்தம் இல்லம் எழுதியது:

எங்கள் மாடியிலும் சோலார் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகக் கண்ணாடிக் குழாய்களை ஒருமுறைகூடக் கழுவியதில்லை, இன்றைக்கும் காலையில் கை வைக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் கொதிக்கிறது. ஆகவே இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை என்று தோன்றுகிறது. உப்புத் தண்ணீரால் எங்களுக்கு வந்த தொல்லையெல்லாம் குழாய்க்கு உள்ளேதான், வெளியே இல்லை.

---

கூரைமின் பராமரிப்பு எழுதியது:

அம்மா, உங்களுடையது தண்ணீர் சூடாக்கும் சோலார். அதில் ஒரு குழாய் மறைந்தால் அந்தக் குழாயின் வெப்பம் மட்டும் குறையும், மற்றவை தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மின்சாரப் பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று தடைப்பட்டால் அந்தத் தொடர் முழுவதும் பாதிக்கப்படுகிறது. உங்களுக்கு உள்ளே படியும் உப்பு தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதற்கு வேறு இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

---

சோளிங்கர் வயர்மேன் எழுதியது:

யூனிட் கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மேலே ஏறுவதைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் மின்சாரத்தைவிட விழுவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

எட்டடிச் சட்டம் என்றால் பேனலின் மேல் விளிம்பு மாடிக் கைப்பிடிச் சுவரைவிட மிக உயரத்தில் இருக்கிறது. ஏணியில் நிற்பவர் தவறினால் மாடியில் மட்டும் விழ மாட்டார், தெருவரைக்கும் போவார். ஆகவே ஓரத்தில் உள்ள பேனலுக்காகச் சுவர்ப் பக்கம் ஏணி போடாதீர்கள். மாடித் தரையில் நின்றபடியே நீளக் கம்பில் மென்மையான பிரஷ் மாட்டித் தேய்ப்பதுதான் நல்லது. அந்தக் கம்பு அலுமினியமாக இருக்க வேண்டாம், ஃபைபர் கம்பாகப் பார்த்து வாங்குங்கள். நம் தெருக்களில் மின்வாரியக் கம்பி பல வீடுகளின் மாடியை ஒட்டியே போகிறது. ஈரக் கையில் பதினைந்தடி உலோகக் கம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சட்டத்தின் மேல் ஏறியே தீர வேண்டிய அமைப்பாக இருந்தால் முழு உடல் பாதுகாப்புப் பட்டையும், அதைக் கட்ட உறுதியான தூணும், கீழே ஒரு துணையாளும் வேண்டும். பேனல் மீது கால் வைக்கவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

அடுத்தது மின்சாரம். முதலில் ஏ.சி. பக்கத்து பிரேக்கரை இறக்குங்கள், பிறகு டி.சி. ஐசொலேட்டரை அணையுங்கள். இதோடு எல்லாம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை ஆறு பேனல் வரிசையில் ஐசொலேட்டர் வரைக்கும் ஏறத்தாழ 300 வோல்ட் டி.சி. நின்றுகொண்டே இருக்கும், விடிந்த சில நிமிடங்களிலேயே அது வந்துவிடும். ஆகவே பேனலுக்கு அடியில் தொங்கும் இணைப்பு முனைகளை ஈரக் கையால் தொடக் கூடாது, அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. எந்தப் பேனலிலாவது கண்ணாடி விரிந்திருந்தாலோ, ஒயரை அணில் கடித்திருந்தாலோ, அன்றைக்கு நீரே ஊற்ற வேண்டாம். பாலாற்றங்கரை அண்ணா சொன்னதுபோல் பேனல் மழையில் நனையும் பொருள்தான், ஆனால் அது கண்ணாடியும் ஒயரும் பழுதில்லாமல் இருக்கும்வரைக்கும் பொருந்தும் பேச்சு. கழுவிய பின் இன்வெர்ட்டர் ISO Fault என்று காட்டி நின்றுவிட்டால் எங்கோ ஈரம் உள்ளே போய் மின்கசிவு ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். மதியம் காய்ந்தபின் அது தானாகச் சரியானாலும் விட்டுவிடாமல் வயர்மேனை அழைத்துப் பாருங்கள், அடுத்த மழையில் அது திரும்ப வரும்.

நேரம் விடியற்காலைதான். பனி இறங்கியிருந்தால் தூசி ஏற்கெனவே ஊறியிருக்கும், தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும். மாலையில் கண்ணாடி ஆறுவதற்குள் இருட்டிவிடுகிறது, ஈர மாடியில் இருட்டில் நடமாடுவது நல்லதல்ல.

---

காட்பாடி மாடிவீடு எழுதியது:

நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தோம். எங்கள் எண்கள் இவை, எல்லாம் மேகமில்லாத நாட்களில் 12.15 மணிக்கு எடுத்தவை.

எதையும் தொடுவதற்கு முன் 210 வோல்ட், 11.6 ஆம்பியர், அதாவது சுமார் 2,436 வாட். தெருவிலிருந்து மூன்றாவது பேனலின் நடுவில் புறா எச்சம் அடை அடையாக இருந்தது. முகமூடி அணிந்துகொண்டு, கம்பு நுனியில் ஈரத்துணியைச் சுற்றி அதன் மேல் கால் மணி நேரம் வைத்து ஊறவிட்டபின் அது இழுக்காமலே பெயர்ந்து வந்தது. அதை மட்டும் எடுத்தோம், வேறெங்கும் துடைக்கவில்லை. மறுநாள் 222 வோல்ட், 11.6 ஆம்பியர், சுமார் 2,575 வாட். வோல்ட் மட்டும் பன்னிரண்டு ஏறியதைப் பார்த்து வியந்து போனோம்.

அதற்கடுத்த விடியலில் ஆறு பேனல்களையும் கழுவினோம். இரண்டு வாளித் தண்ணீர் போதுமானதாக இருந்தது. அன்று நண்பகல் 222 வோல்ட், 12.3 ஆம்பியர், சுமார் 2,731 வாட். ஆக எச்சத்தால் போனது 139 வாட், தூசியால் போனது 156 வாட். நாள் மொத்தத்தில் 12.1 யூனிட்டிலிருந்து 13.3 யூனிட் ஆனது.

---

கூரைமின் பராமரிப்பு எழுதியது:

மிக நல்ல அளவீடு. நண்பகலில் 12 சதவீதம் கூடியிருக்கிறது, நாள் முழுக்கப் பார்த்தால் 10 சதவீதம். இந்த வேறுபாடு இயல்பானதுதான், காலையிலும் மாலையிலும் எச்சத்தின் விளைவு வேறாக இருக்கும், இரண்டு வெயில் நாட்களும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. கவனியுங்கள், ஏறத்தாழ பாதி நஷ்டம் ஒரே ஒரு எச்சத்தால் வந்திருக்கிறது, அதை நீக்க ஒரு கோப்பைத் தண்ணீரே போதுமானதாக இருந்தது. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல் ஊறவைத்ததும் முகமூடி அணிந்ததும் மிகச் சரி. சுரண்டினால் கண்ணாடியின் பூச்சு கீறும், புறா எச்சத்தின் காய்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மே மாதத்தில் இதே கணக்கை வைத்துக்கொண்டு ஏமாந்துவிடாதீர்கள். கத்திரி வெயிலில் பேனல் இன்னும் சூடாகி வோல்ட் தானாகவே குறையும், டிகிரி ஒன்றுக்கு உற்பத்தியில் சுமார் 0.35 சதவீதம் போகும். அதை எச்சம் என்றோ தூசி என்றோ எண்ணிக் கழுவினால் எதுவும் ஏறாது. ஒப்பிடுவதானால் அடுத்தடுத்த நாட்களை ஒப்பிடுங்கள், மார்ச்சையும் மே மாதத்தையும் ஒப்பிடாதீர்கள்.

---

வாலாஜா கணக்கர் எழுதியது:

இந்த எண்களை வைத்து 500 ரூபாய்க் கேள்விக்கு விடை காணலாம். ஜனவரி மழைக்குப் பின் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தூசி மட்டும் 6 சதவீதம் தின்றிருக்கிறது, அதாவது நாளுக்கு 0.2 சதவீதம். 13 யூனிட்டில் இது முதல் நாள் 0.026 யூனிட், இரண்டாம் நாள் அதுபோல் இரு மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும். 30 நாளில் சேரும் மொத்த நஷ்டம் சுமார் 12 யூனிட். நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 70 ரூபாய். அதற்காக மாதம் 500 ரூபாய் கொடுப்பது எந்தக் கணக்கிலும் நிற்காது.

60 நாளில் இது 47 யூனிட், 280 ரூபாய். 80 நாளில் 83 யூனிட், 500 ரூபாய். சேர்ந்த நஷ்டம் கழுவும் கூலிக்குச் சமமாகும் நாளில் கழுவுவதுதான் மொத்தச் செலவைக் குறைவாக வைக்கும். ஆகவே கூலிக்கு ஆள் வைத்தால் 80 நாளுக்கு ஒருமுறை. நீங்களே கழுவி, தண்ணீருக்கும் நேரத்துக்கும் 70 ரூபாய் என்று மதிப்பிட்டால் மாதம் ஒருமுறை. மின்கட்டணத்தில் நீங்கள் உயர்ந்த படிநிலையில் இருந்தால் யூனிட்டின் மதிப்பு கூடும், அப்போது இந்த இடைவெளி சுருங்கும்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

கணக்கர் ஐயா சொல்வது வீட்டுக்குச் சரி. எங்கள் கிடங்குக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கிரஷர் ஓடுகிறது, பேனலும் ஏறத்தாழ தட்டையாகத் தகரக் கூரைமேல் படுத்திருக்கிறது. வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் கண்ணாடியே சாம்பல் நிறமாகிவிடும். அதையும் 80 நாள் விட வேண்டும் என்கிறீர்களா?

---

வாலாஜா கணக்கர் எழுதியது:

இல்லை, அந்த 0.2 சதவீதம் காட்பாடி வீட்டுக்கு மட்டும் உரியது. உங்கள் கூரையில் அது பல மடங்கு இருக்கலாம். மூன்று வாரம் விட்டு உங்கள் ஆம்பியரை அளந்து சொல்லுங்கள், வாரம் ஒருமுறைதான் சரி என்று வந்தாலும் வியப்பில்லை. நீங்கள் அளக்காமல் சொன்னதுதான் எனக்கு உடன்பாடில்லாதது.

---

கூரைமின் பராமரிப்பு எழுதியது:

கணக்கருடைய 80 நாளில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கம் ஜனவரி முதல் மே வரை மழையை நம்ப முடியாது, ஜூனுக்குப் பின் மாலை இடிமழை அவ்வப்போது வந்து கழுவிவிடும், அதன் பின் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. ஆகவே கூலி கொடுத்துக் கழுவுவதானால் மார்ச் கடைசியில் ஒன்று போதும். நாலு தூறல் மட்டும் போட்டுவிட்டுப் போகும் மழையை மழையாக எண்ணாதீர்கள். அது தூசியைக் கரைத்துப் பேனலின் கீழ்ச் சட்டத்தோரம் சேறாகக் கொண்டுவந்து விடும், அது காய்ந்து கீழ் வரிசை செல்களின் மேல் பட்டையாக நிற்கும். அந்தப் பட்டையை மட்டும் ஈரத் துணியால் துடைத்தாலே போதும். எச்சத்துக்கு நாள் கணக்கே கிடையாது. வாரம் ஒருமுறை மாடிக்குப் போகும்போது கண்ணால் பாருங்கள், பெரிதாகத் தெரிந்தால் அன்றைக்கே ஊறவைத்து எடுங்கள். மேல் விளிம்பின் நீளத்துக்கு இரண்டு விரற்கடை உயரத்தில் ஒரு மெல்லிய கம்பி இழுத்துக் கட்டினால் மைனாவும் புறாவும் அங்கே உட்காராது, கம்பியின் நிழல் செல்லில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் கூடு கட்டுவதைத் தடுக்கச் சட்டத்தைச் சுற்றி வலை அடிக்கலாம், ஆனால் காற்றோட்டம் அடைபடக் கூடாது.

---

காட்பாடி மாடிவீடு எழுதியது:

மிக்க நன்றி. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு ஐயம் இருக்கிறது. போர் தண்ணீரில் கழுவி, கடைசியில் நான்கு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரால் அலசி, காய்வதற்குள் ரப்பர் வைப்பரால் இழுத்துவிட்டோம், திட்டு விழவில்லை. ஆனால் நிறுவனத்தின் ஆள் சென்ற ஆண்டு வெறும் போர் தண்ணீரில் கழுவியபோது விழுந்த பழைய வெள்ளைத் திட்டு இரண்டு பேனல்களில் இன்னும் இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைப் பயன்படுத்தலாமா, அதில் தண்ணீர் மிச்சமாகுமே?

---

சோளிங்கர் வயர்மேன் எழுதியது:

வெளியேற்றும் நீரில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம், அது பாத்திரத்துக்குப் போகட்டும். மழைக்காலத்தில் மொட்டைமாடி நீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. பழைய திட்டுக்கு நான் வெள்ளை வினிகரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து வைத்து எடுப்பேன். கழிவறை ஆசிட் பக்கமே போகாதீர்கள், அலுமினியச் சட்டமே அரித்துப் போகும்.

---

கூரைமின் பராமரிப்பு எழுதியது:

வினிகரில் எனக்கு முழு உடன்பாடில்லை. கண்ணாடியின் மேல் ஒளி பிரதிபலிக்காமலிருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, அது எந்த அமிலத்தை எவ்வளவு தாங்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். உத்தரவாத அட்டையோடு வந்த கையேட்டில் சுத்தம் செய்யும் பகுதியைப் படித்துவிட்டு, அனுமதி இருந்தால் மட்டும் ஒரு மூலையில் செய்து பாருங்கள். உங்கள் ஆம்பியர் 12.3 வந்துவிட்ட நிலையில் அந்தத் திட்டு எடுப்பது பெரிய அளவில் உற்பத்தியைக் கூட்டும் என்று தோன்றவில்லை.

---

சோளிங்கர் வயர்மேன் எழுதியது:

நான் செய்த வீடுகளில் பூச்சு போனதாகப் பார்க்கவில்லை, ஆனாலும் கையேட்டைப் பார்க்கச் சொல்வது நியாயம்தான். அம்மா, கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.